ஐந்தாவது கேக்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எனக்கு ஐந்து பிறந்தநாள் கேக் ஆர்டர் இருந்தது. திருச்சி உறையூரில் எங்கள் வீடு. எங்கள் ஃபிரிட்ஜிலிருந்த மோர், இட்லி மாவு, காய்கறி எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகு இரண்டு பெட்டிக்கு இடம் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் ஃபிரிட்ஜில் இரண்டு பெட்டிக்கு இடம் கொடுத்தார். ஐந்தாவது கேக்கை ஏசி அறையில், கட்டிலின் மேல் பலகை போட்டு வைத்தேன். மாலை நாலரைக்கு அது ஆட்டோவில் ஏறி திருவெறும்பூருக்குப் போனது. ஐந்தரைக்கு ஃபோன் வந்தது.

"கேக் ஒரு பக்கமா சரிஞ்சு கிடக்குங்க. பிள்ளை பேரைக்கூடப் படிக்க முடியல. ஆளுங்க எல்லாம் வந்துட்டாங்க, இப்ப நான் என்ன பண்றது?"

வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஆட்டோ வாடகையையும் நானே கொடுத்தேன். அந்தக் குழந்தைக்கு அன்று கேக் வெட்டிய படம் இல்லை. அதை எந்தப் பணத்தாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்று இரவு பாத்திரம் கழுவி முடித்தபோது மணி பதினொன்றரை. மற்ற நான்கு கேக்கில் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று என் கணவர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்றரை வருடமாகக் கேக் விற்றுக்கொண்டிருந்தேன், ஒரு கேக்குக்கு என்ன செலவாகிறது என்று ஒரு நாளும் உட்கார்ந்து எழுதிப் பார்த்ததில்லை.

மறுநாள் எழுதினேன். எழுதியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு கேக்குக்கு என்ன விலை வைப்பது என்பதும், ஒரு நாளைக்கு எத்தனை கேக் எடுப்பது என்பதும் தனித்தனிக் கேள்விகள் இல்லை. விலை குறைவாக இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டத் தோன்றும். எண்ணிக்கை கூடினால் கேக் சரியும். வீட்டில் கேக் செய்து விற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அதனால் அந்தக் கணக்கை முழுதாகவே இங்கே போட்டுக் காட்டுகிறேன். விலைகள் எங்கள் பகுதியில் நான் வாங்கும் விலைகள், முழு ரூபாயாக்கியவை. உங்கள் ஊரில் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

எடுத்துக்கொள்வது ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச் கேக். எங்கள் பக்கத்தில் பத்து பேர் கேட்டால் அதில் நான்கு பேராவது கேட்பது அதைத்தான்.

முதலில் எடை. ஒரு கிலோ கேக் என்றால் ஒரு கிலோ ஸ்பாஞ்ச் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. என் கேக்கில் ஸ்பாஞ்ச் சுமார் 410 கிராம், க்ரீம் 350, அதை நனைக்கும் சர்க்கரைத் தண்ணீர் 100, மொறுமொறுவென்ற முந்திரிப் பொடி 80, மேலே ஊற்றும் சாஸ் 60. கூட்டினால் ஆயிரம். 410 கிராம் ஸ்பாஞ்ச் வேண்டுமென்றால் 500 கிராமுக்குச் சற்று மேல் மாவுக் கலவை கரைக்க வேண்டும். அடுப்பில் ஈரம் வற்றி எடை குறையும், உப்பிய மேல்பகுதியைச் சமமாகச் சீவும்போது இன்னும் கொஞ்சம் போகும். நான்கு முட்டை, 120 கிராம் மைதா, 120 கிராம் சர்க்கரை, 40 கிராம் எண்ணெய், கொஞ்சம் பால், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று போட்டால் ஏழு அங்குலத் தட்டுக்கு அது சரியாக வரும்.

க்ரீமில்தான் கணக்கு தவறுகிறது. அடித்தால் க்ரீம் மூன்று மடங்குக்கு மேல் பொங்கும். பாத்திரம் நிறைந்துவிடுவதைப் பார்த்து, கொஞ்சம் க்ரீமே போதும் என்று மனம் சொல்லும். பொங்குவது காற்று, எடை கூடுவதில்லை. கேக்கில் 350 கிராம் க்ரீம் இருக்கிறது என்றால் பாக்கெட்டிலிருந்து 350 கிராம் போயிருக்கிறது. பாத்திரத்திலும் பைப்பிங் பையிலும் ஒட்டிக்கொண்டு வீணாவதையும் சேர்த்தால் 400. கிலோ 260 ரூபாய் என்று வைத்தால் க்ரீமுக்கு மட்டும் 104 ரூபாய். முட்டைக்கு 28, முந்திரிக்கு 25, சாஸுக்கும் முந்திரிப் பொடிக்கும் போகும் வெண்ணெய்க்கு 15, எல்லா இடத்துக்குமான சர்க்கரைக்கு 12. மைதா வெறும் ஆறு ரூபாய். எண்ணெய், பால், எசன்ஸ், சாஸில் சேரும் பாலேடு போன்ற சில்லறைகளைச் சேர்த்தால் பொருள் செலவு 217 ரூபாய் வருகிறது.

நான் பழகிய கேக் வகுப்பில், பொருள் செலவை இரண்டால் பெருக்கி விலை வைக்கச் சொன்னார்கள். 217-ஐ இரண்டால் பெருக்கினால் 434. அதை 450 ஆக்கித்தான் நான் விற்றேன். பாதிக்குப் பாதி லாபம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

பொருளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கேக்குக்கு அடியில் வைக்கும் தங்க நிற அட்டை, பெட்டி, தட்டில் விரிக்கும் காகிதம், மெழுகுவர்த்தி, பிளாஸ்டிக் கத்தி, ரிப்பன் எல்லாம் சேர்ந்து 70 ரூபாய். மின்சாரமும் கேஸும் 20 ரூபாய். மின்சாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு அடுக்காக ஏறும். இலவசமாகக் கிடைக்கும் முதல் யூனிட்டுகள் விளக்குக்கும் விசிறிக்கும் போய்விடுகின்றன. அவனுக்கு ஓடும் யூனிட் எல்லாம் மேலே, விலை அதிகமான அடுக்கில்தான் விழும். அதனால் மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியைக் கேக்குக்குப் போடக் கூடாது. பில்லின் கடைசி அடுக்கின் விலையைப் போட வேண்டும்.

அடுத்தது வீணாவது. உடைந்த முட்டை, கருகிப்போன சர்க்கரைப் பாகு, நடுவில் அமுங்கிய ஸ்பாஞ்ச் எல்லாம் வாரத்துக்கு ஒன்றாவது நடக்கும். பொருள் செலவில் நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 11 ரூபாய். பிறகு தேய்மானம். ஓவன், பீட்டர், பழைய விலைக்கு வாங்கிய சின்ன ஃபிரிட்ஜ், தட்டுகள், சுழலும் மேடை, நாசில்கள் என்று எனக்கு 30,000 ரூபாய் ஆனது. மூன்று வருடம் உழைக்கும் என்றும், மாதத்துக்கு 25 கேக் என்றும் வைத்தால் 900 கேக். ஒரு கேக்குக்கு 33 ரூபாய். நான் 35 என்று எழுதிக்கொள்கிறேன்.

இவ்வளவையும் கூட்டினால் 353 ரூபாய். 450-க்கு விற்ற கேக்கில் எனக்கு மிஞ்சியது 97.

அந்த 97 ரூபாய்க்கு எவ்வளவு நேரம் உழைத்தேன்? ஒரு வாரம் கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டு அளந்தேன். அடுப்பில் வேகும் நேரத்தைச் சேர்க்கவில்லை, என் கை வேலை செய்த நேரம் மட்டும். எடை போட்டுக் கலவை கரைத்துத் தட்டில் ஊற்ற அரை மணி. சாஸும் முந்திரிப் பொடியும் செய்ய 20 நிமிடம். ஸ்பாஞ்சைச் சீவி, அறுத்து, நனைத்து, க்ரீம் வைத்து அடுக்க 25. உதிரி ஒட்டாமல் இருக்க முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு, பிறகு ஃபிரிட்ஜ், பிறகு கடைசிப் பூச்சு, இரண்டும் சேர்த்து 35. அலங்காரமும் பெயரும் 30. பெட்டியில் வைத்துக் கட்ட 10. பாத்திரம் கழுவ 25. ஃபோனில் பேச, படம் பார்க்க, பெயரின் எழுத்துக்களைச் சரிபார்க்க 15. மொத்தம் 190 நிமிடம். மூன்று மணி நேரம் பத்து நிமிடத்துக்கு 97 ரூபாய் என்றால் மணிக்கு 31 ரூபாய். நான் இல்லாமல் வேறொருவரை இந்த வேலைக்கு வைத்திருந்தால் அந்தக் கூலிக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் போடுகிறேன். 190 நிமிடத்துக்கு 317. செலவோடு சேர்த்தால் 670. அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து வைக்கிறேன். அது என் கூலி இல்லை. ஆர்டர் கொடுத்தவர் கடைசி நாளில் வேண்டாம் என்பதும், புது வகை பழகச் செய்யும் கேக்கும், திடீரென்று ஏறும் முட்டை விலையும் அந்தப் பதினைந்துக்குள்தான் அடங்க வேண்டும். ஆக, 770 ரூபாய்.

"கடையில 650-க்கு தர்றாங்களே அக்கா" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தப்பே இல்லை. கடையில் ஒரே நாளில் நாற்பது ஸ்பாஞ்ச் ஒன்றாக வேகும். க்ரீம் பெட்டி பெட்டியாக மொத்த விலையில் வரும். என்னால் அந்த விலைக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன். 650-க்கு இறங்கினால் அந்தப் பதினைந்து சதவீதம் முழுதும் போய், கூலியிலும் கொஞ்சம் குறையும். ஒரு கேக்குக்கு அது தாங்கும். வாரத்துக்கு ஆறு கேக்கிலும் அப்படிச் செய்தால், முதல் கேக் சரியும் நாளில் கையிலிருந்து போகும்.

அரை கிலோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு பேக்கரியில் சத்தமில்லாமல் பணம் ஒழுகும் ஓட்டை அதுதான். ஒரு கிலோ 770 என்றால் அரை கிலோ 385 என்று வாங்குபவரும் நினைக்கிறார், விற்பவரும் நினைக்கிறார். பொருள்தான் பாதியாகிறது. பெட்டியும் அட்டையும் பத்து ரூபாய்தான் குறையும். ஓவன் அதே சூட்டுக்கு ஏற வேண்டும். பெயர் எழுத அதே நேரம், கழுவ அதே பாத்திரம். என் கையில் அரை கிலோவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. பொருள் 110, பெட்டி 60, மின்சாரம் 18, வீணாவது 6, தேய்மானம் 35, கூலி 250. கூட்டினால் 479, பதினைந்து சதவீதத்தோடு 550. "அரை கிலோவுக்கு 550-ஆ?" என்பவர்களிடம், "இன்னும் 220 போட்டா ஒரு கிலோவே வாங்கிக்கலாம்" என்கிறேன். பாதிப் பேர் ஒரு கிலோவுக்கு மாறிவிடுகிறார்கள். நான் அரை கிலோவை நிறுத்தவில்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரு கிலோ அதிகம்.

அலங்காரத்துக்கும் இதே அளவுகோல்தான். கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். நான் பார்ப்பது அதில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்பதை. என் விலைக்குள் இருப்பது அரை மணி நேர அலங்காரம். க்ரீமில் ரோஜாப் பூ வளையம் அதற்குள் முடியும். கேக் முழுக்கச் சுற்றிலும் புல் மாதிரி இழை இழையாகப் பிழிவதற்கு ஒன்றே கால் மணி ஆகும். கூடுதல் முக்கால் மணிக்கு 75 ரூபாய், கூடுதல் க்ரீமுக்குத் தனி. சர்க்கரை மாவில் செய்யும் பொம்மைகளை நான் எடுப்பதில்லை. காய இரண்டு நாள் வேண்டும், எனக்குக் கையும் அவ்வளவு தேர்ச்சி இல்லை. அதைச் செய்து தரும் இன்னொரு பெண்ணின் எண்ணைக் கொடுத்துவிடுவேன்.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை கேக் முடியும் என்று கேட்டால் எல்லோரும் ஓவனைப் பார்க்கிறார்கள். என்னுடையது 40 லிட்டர். ஒரு ஸ்பாஞ்ச் 35 நிமிடத்தில் வெந்துவிடும். ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் ஒரு மாலையில் ஐந்து ஸ்பாஞ்ச்கூட எடுக்கலாம். ஓவன் எனக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை. தடை ஃபிரிட்ஜ். பத்து அங்குலச் சதுரப் பெட்டி, வீட்டு ஃபிரிட்ஜின் ஒரு தட்டில் ஒன்றுதான் உட்காரும். பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் இன்னொரு பெட்டி நுழையாது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் முடியாது. கேக்குக்கென்றே நான் வாங்கிய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் தட்டுகளை மாற்றிப் போட்டால் மூன்று பெட்டி நிற்கும். நான்காவது பெட்டியை வைத்தால் கதவு சரியாக மூடாது.

இரண்டாவது தடை நேரம். முதல் கேக்குக்கு 190 நிமிடம் என்றாலும், அடுத்த கேக்குக்கு அவ்வளவு ஆவதில்லை. சாஸ் ஒரே தடவை, க்ரீம் ஒரே தடவை, கழுவுவதும் பாதி சேர்ந்துவிடும். கூடுதலாக 135 நிமிடம் போதும். மூன்று கேக்குக்கு 460 நிமிடம், அதாவது ஏழு மணி நாற்பது நிமிடம். நான்காவது வந்தால் பத்து மணி நேரத்தைத் தொடும். எல்லோருக்கும் கேக் வேண்டிய நேரம் மாலை நான்கிலிருந்து ஆறு வரை என்பதால், அந்தப் பத்து மணி நேரத்தின் கடைசிப் பகுதி எப்போதும் அவசரத்தில் போகும். கை அவசரப்படும் இடம்தான் கேக் கெடும் இடம்.

அந்த ஐந்தாவது கேக் ஏன் சரிந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆட்டோ குலுங்கியதால் என்று முதலில் நினைத்தேன். குலுக்கம் கடைசிக் காரணம்தான். அந்த ஸ்பாஞ்ச் காலை பத்து மணிக்கு ஓவனிலிருந்து வந்தது. மேலே தொட்டால் ஆறியிருந்தது. நடுவில் சூடு இருந்தது. க்ரீம் வைத்ததும் அந்தச் சூடு உள்ளிருந்து அடுக்கின் க்ரீமை இளக்கியது. வெளிப்பூச்சு நன்றாக இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. ஏசி அறையின் 24 டிகிரியில் க்ரீம் இறுகுவதில்லை. இருந்த நிலையில் இருக்கும், அவ்வளவுதான். இறுகாத க்ரீமின் மேல் அடுக்கு, மே மாத வெயிலில் முக்கால் மணி நேரம் ஆட்டோ. வேறு என்ன நடக்கும்?

இப்போது சனிக்கிழமை கேக்குக்கு வேலை வியாழக்கிழமை இரவே தொடங்குகிறது. உறைந்த க்ரீம் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுவேன். வெளியே வைத்து உருக்கினால் ஓரம் சூடாகிவிடும், நடு பனிக்கட்டியாக இருக்கும். அதை அடித்தால் பொங்காது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று ஸ்பாஞ்சும் வேகும். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு, கம்பி வலையில் கவிழ்த்து இரண்டு மணி நேரம் ஆறவிடுவேன். அடிப்பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தாலும் இன்னும் ஆறவில்லை என்றுதான் அர்த்தம். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில். குளிர்ந்த ஸ்பாஞ்ச் உதிராமல் அறுபடும், அதிலேயே கால் மணி மிச்சம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, சமையலறை சூடேறும் முன் க்ரீம் அடித்துவிடுவேன். பீட்டரைத் தூக்கினால் க்ரீம் முனை நிற்க வேண்டும், நுனி மட்டும் சற்று வளைய வேண்டும். அதோடு நிறுத்த வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் அடித்தால் ரவை ரவையாகத் திரியும். பூசினால் சுவரில் சொரசொரப்பு மாதிரி தெரியும். அப்படி ஆகிவிட்டால், அடிக்காத க்ரீம் சில கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கிளறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுக்கி முதல் பூச்சுப் பூசிய கேக் அரை மணி ஃபிரிட்ஜில் இருக்கும். வெளியே எடுத்து மேலடுக்கை விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பேன். கேக் முழுதும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. மேலடுக்கு மட்டும் நகர்ந்தால் அது இன்னும் பூச்சுக்குத் தயாரில்லை, திரும்ப உள்ளே போகும். மூன்று கேக் இருக்கும் நாளில்தான் இந்த அரை மணியைக் கொடுக்க முடியும். ஐந்து இருந்த நாளில் என்னால் கொடுக்க முடியவில்லை.

கொண்டுபோகும் தூரத்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடத்துக்கு க்ரீம் கேக் அனுப்புவதில்லை. பெட்டியின் மேல், "உடனே ஃபிரிட்ஜில் வைக்கவும். வெட்டும் நேரத்துக்கு வெளியே எடுக்கவும்" என்று கையால் எழுதி ஒட்டுகிறேன். மேசைமேல் அலங்காரமாக இரண்டு மணி நேரம் வைத்திருந்து, விருந்தாளிகள் வரக் காத்திருப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த வழக்கத்துக்குக் க்ரீம் தாங்காது.

குக்கீ வேறு கணக்கு. கேக் ஃபிரிட்ஜை அடைக்கும், குக்கீ ஓவனை அடைக்கும். 300 கிராம் மைதா, 200 கிராம் வெண்ணெய், 130 கிராம் பொடித்த சர்க்கரை போட்டால் 35 குக்கீ வரும். வெந்த பிறகு எடை 570 கிராம் அளவு. ஒரு தட்டில் பன்னிரண்டு. இரண்டு தட்டை ஒன்றாக வைத்தால் கீழ்த்தட்டின் அடி கருகும், மேல்தட்டு வெளிறியிருக்கும். அதனால் ஒவ்வொன்றாகத்தான் வைக்க வேண்டும். தட்டுக்கு 18 நிமிடம் என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு ஐந்து தட்டு, ஒன்றரை மணி நேரம். இதை வெள்ளிக்கிழமை ஸ்பாஞ்சோடு கலக்கவே முடியாது. ஆனால் காற்றுப் புகாத டப்பாவில் குக்கீ இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும் என்பதால் செவ்வாய், புதன் கிழமைகளில் செய்துவைக்கலாம். எனக்கு வாரத்துக்கு இரண்டு கிலோ, அதற்கு மேல் இல்லை.

அரை கிலோவுக்குப் பொருள் 130 ரூபாய். அதில் நூறு ரூபாய்க்கு மேல் வெண்ணெய் மட்டும். டப்பா 25, மின்சாரம் 10, வீணாவதும் தேய்மானமும் 10, ஒரு மணி நேரக் கூலி 100. பதினைந்து சதவீதத்தோடு 320 ரூபாய்க்குக் கிட்டத்தில் வரும். வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டால் விலை சட்டென்று இறங்கும். அப்படிச் செய்பவர்கள் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பெற்றோர் "வீட்டுல செஞ்சது" என்று நம்பித்தான் குழந்தை கையில் கொடுக்கிறார்கள்.

குக்கீயில் புகார் வந்தால் அது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: "நமத்துப் போச்சு." ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சீக்கிரம் வரும். காரணம் பெரும்பாலும் மழை இல்லை, சூடாறும் முன் டப்பாவில் போட்டு மூடியதுதான். உள்ளே ஆவி படிந்து மறுநாளே இளகிவிடும். நான் ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை உடைத்துப் பார்ப்பேன். படக்கென்று சத்தம் வந்தால் டப்பாவுக்குப் போகலாம். பள்ளிப் பிறந்தநாளுக்கு நாற்பது பிள்ளைகளுக்குத் தலைக்கு இரண்டு என்று கேட்டால் எண்பது குக்கீ, ஏழு தட்டு, ஓவனுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒரு புதன்கிழமை அதற்கே போய்விடும். அந்த வாரம் வேறு குக்கீ ஆர்டர் எடுப்பதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்றாலும் அது உணவுத் தொழில்தான். சிறிய அளவில் செய்பவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். இணையத்தில் விண்ணப்பித்தால் பதினான்கு இலக்க எண் தருவார்கள். கட்டணம் சிறிது. குக்கீ டப்பாவில் அந்த எண், செய்த தேதி, என்னென்ன பொருள் என்பதை ஒட்டுகிறேன். பலருக்கு வியப்பாக இருப்பது ஒன்று உண்டு: முட்டை சேர்ந்த கேக்குக்கு அசைவக் குறிதான் போட வேண்டும், பச்சைப் புள்ளி போடக் கூடாது. முட்டை இல்லாத கேக் கேட்பவர்களுக்குத் தனிப் பாத்திரமும் தனி பீட்டர் முள்ளும் வைத்திருக்கிறேன். ஒரே நாளில் இரண்டும் இருந்தால் முட்டை இல்லாததை முதலில் செய்து முடிப்பேன். முந்திரி ஒத்துக்கொள்ளாத குழந்தை யாராவது வருகிறார்களா என்றும் ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிடுகிறேன்.

வகைகளையும் ஐந்தாகக் குறைத்தேன். முன்பு பதினாறு வகை எழுதிவைத்திருந்தேன். ஒரு அன்னாசி கேக்குக்காக டப்பா உடைத்தால் பாதி மிஞ்சும். அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்து கொட்டுவேன். அந்தக் கொட்டல் எந்தக் கணக்கிலும் வந்ததில்லை. ஐந்து வகையில் ஒரே நாளின் மூன்று கேக்கும் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். அப்படி அடங்கினால்தான் நான் சொன்ன 135 நிமிடக் கணக்கு நிற்கும்.

இந்தக் கணக்கை வைத்து அந்த மே மாத ஞாயிறைத் திரும்பிப் பார்த்தேன். விலைகளை இன்றைய அளவில் வைத்துக்கொண்டால், சரியாகப் போய்ச் சேர்ந்த நான்கு கேக்கில் தலா 97 ரூபாய், மொத்தம் 388. ஐந்தாவதில் போன பொருளும் செலவும் 353, ஆட்டோ 300. விடிகாலையிலிருந்து இரவு பதினொன்றரை வரை உழைத்து, 265 ரூபாய் கையிலிருந்து கொடுத்திருக்கிறேன். மூன்று கேக்கோடு நிறுத்தியிருந்தால், அந்தக் குறைந்த விலையிலும் 291 ரூபாய் மிஞ்சியிருக்கும், எட்டு மணிக்குச் சாப்பிட்டிருப்பேன்.

சமையலறைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு தேதியிலும் பேனாவால் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். பாதிப் பணம் வந்தால்தான் கட்டத்தில் பெயர் ஏறும். மூன்று நாளுக்கு முன் சொல்லாத ஆர்டருக்குக் கட்டம் கிடையாது. சென்ற புதன்கிழமை இரவு ஒருவர் கூப்பிட்டார். மூன்று வருடமாக வாங்குபவர்.

"அக்கா, சனிக்கிழமை பையனுக்கு ஏழு முடியுது. ஒரு கிலோ பட்டர்ஸ்காட்ச். எப்படியாவது பண்ணிக் குடுங்க."

"சனிக்கிழமை மூணும் நிறைஞ்சிருச்சு தம்பி."

"ஒண்ணே ஒண்ணுதானே அக்கா. விலை கூடப் போட்டுக்கோங்க."

"விலை இல்லப்பா. வைக்க ஃபிரிட்ஜில தட்டு இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு கட்டம் இருக்கு. காலையில பத்து மணிக்கு ரெடியா இருக்கும். சனிக்கிழமை பள்ளிக்கூடத்துல குடுக்க குக்கீ வேணும்னா டப்பாவுல இருக்கு, நாளைக்கே வாங்கிக்கலாம்."

அந்தப் பக்கம் அவர் மனைவியிடம் கேட்கும் சத்தம் கேட்டது.

"சரிக்கா, ஞாயித்துக்கிழமையே வெட்டிக்கிறோம். அவனோட தாத்தாவும் அன்னைக்குத்தான் ஊர்லேர்ந்து வர்றார். பேரு போன வருஷம் எழுதுன மாதிரியே எழுதுங்க."

ஞாயிறின் மூன்றாவது கட்டத்தில் பையன் பெயரை எழுதி, பக்கத்தில் 10 என்று குறித்தேன்.